இடது கீழ் மூலை

ஸ்லைடு அண்ணனைப் பற்றி எழுத எனக்கு என்ன யோக்கியதை என்று யாராவது கேட்டால், ஒன்றும் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் நான் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப் போவதில்லை. இருபத்திரண்டு வருஷம் ஒரு மருத்துவமனையில் கண்ணாடி கழுவின மனுஷனைப் பற்றி எவன் எழுதுவான்?

மருத்துவமனையின் பின் வாசலுக்கு எதிரே என் ஜெராக்ஸ் கடை. ஒரு மெஷின், ஒரு மேசை, நான். ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவள். கையெழுத்து மட்டும் அச்சுக் கோத்தது மாதிரி இருக்கும். வாய் நீளம் என்று ஊரில் பேர். அதற்கு நான் கோபித்துக்கொள்வதும் இல்லை, உண்மைதானே.

அண்ணன் பத்தொன்பது வயதில் அந்த லேபில் சேர்ந்தார். ரத்தம், சளி எல்லாம் தடவிப் பார்த்து முடித்த, ஸ்லைடு என்கிற கண்ணாடிச் சில்லுகளைச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, தேய்த்து, அப்புறம் ஆசிட் தொட்டியில் போட்டு எடுத்து, அலசி, துணியில் ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு முந்நூறு, நானூறு. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். ஒரு விரல் ரேகை தெரிந்தாலும் மறுபடி தொட்டிக்குள் போகும். பெண் பார்க்கப் போன இடத்தில் காப்பித் தம்ளரையும் இப்படித் தூக்கிப் பார்த்தாராம். அண்ணி இன்றைக்கும் சொல்லிச் சொல்லிக் காட்டுவாள்.

லேபில் இருந்த டெக்னீஷியன் அம்மா நல்ல மாதிரி. சாப்பாட்டு நேரத்தில் மைக்ராஸ்கோப்பில் அவரைப் பார்க்க விடுவாள். கன்னத்தின் உள்பக்கம் சுரண்டி, நீலச் சாயம் போட்டு, தன்னுடைய செல்லைத் தானே பார்த்திருக்கிறார். வெங்காயத் தோலையும் பார்த்திருக்கிறார். "வெங்காயம் செங்கல் அடுக்குன மாதிரி வரிசையா இருக்கும், நம்மளுது எறைச்சுப் போட்ட மாதிரி கெடக்கும்" என்பார். செல்லுக்குள்ளே இன்னும் சின்னச் சின்னதாக என்னென்னவோ இருக்கிறதாம், அதெல்லாம் அந்த மைக்ராஸ்கோப்புக்கு எட்டாதாம். எட்டாததைப் படத்திலாவது பார்த்துவிட வேண்டும் என்று அந்த அம்மாவிடம் புத்தகம் வாங்கிப் படிப்பார். கடைக்கு வந்து இதையெல்லாம் என்னிடம் அளப்பார். நான் "ஆமாண்ணே, ஆமாண்ணே" என்று சொல்லிக்கொண்டே பிரதி எடுப்பேன். காதில் ஒன்றும் ஏறாது.

ஒரு நாள் ஆசிட் தொட்டி விரிசல் விட்டது. இவர் குனிந்து பார்த்தார். அவ்வளவுதான். இடது கண் அங்கேயே போய்விட்டது. வலது கண்ணில் வெளிச்சமும் நிழலும் மட்டும் தங்கின. அப்போது வயது நாற்பத்தொன்று.

மருத்துவமனை அவரை உடனே வெளியே தள்ளிவிடவில்லை, அதைச் சொல்ல வேண்டும். டெலிபோன் போர்டில் உட்காரும் வேலை ஒன்று காலியாக இருந்தது. குரலும் காதும் இருந்தால் போதும். ஆனால் அந்த நாற்காலிக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்று ஒரு விதி. இவர் எட்டாவது. இரண்டு வருஷம் தவணை கொடுத்தார்கள். அதற்குள் தேறாவிட்டால் வேலையிலிருந்து விடுவிப்பு.

முதல் வருஷம் மற்ற பாடம் எல்லாம் தேறிவிட்டார், அறிவியல் போய்விட்டது. படம் வரையும் கேள்வி எதையும் தொட முடியவில்லை. படத்துக்குப் பதிலாக வேறு கேள்வி தரும்படி மனு எழுதிப் போட்டார். நான்தான் பிரதி எடுத்துக் கொடுத்தேன். பரிசீலனையில் இருக்கிறது என்று ஒரு பதில் வந்தது. இன்னும் பரிசீலித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள் போலிருக்கிறது.

"குடுக்கலன்னா என்ன, நான் சொல்றேன், எழுதுறவங்க வரையட்டும்" என்றார் அண்ணன். அதற்கு அண்ணிதான் வழி செய்தாள். அண்ணிக்குத் தையல் தொழில். இரண்டு அட்டை எடுத்தாள். ஒன்றில் தாவர செல்: வெளியே தடிக் கயிறு, அது செல் சுவர். அதை ஒட்டி உள்ளே மெல்லிய நூல், அது செல் சவ்வு. நடுவில் பெரிய வழவழப்புத் துணி, அது தண்ணீர் தேங்கும் நுண்குமிழ். அதனால் ஓரமாகத் தள்ளி உட்கார்ந்திருக்கும் கோட்டுப் பொத்தான், அது உட்கரு. பச்சையம் இருக்கிற பசுங்கணிகத்துக்குச் சட்டைப் பொத்தான்கள். மைட்டோகாண்ட்ரியாவுக்கு மொச்சைக் கொட்டை. மற்ற அட்டையில் விலங்கு செல்: கயிறு கிடையாது, நூல் மட்டும். கோட்டுப் பொத்தான் நடுவில். பக்கத்தில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு தீக்குச்சித் துண்டு, சென்ட்ரியோல். துணி சின்னச் சின்னத் துணுக்காக. இங்கேயும் மொச்சைக் கொட்டை. அண்ணன் காலையில் எழுந்ததும் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு விரலால் தடவித் தடவிப் பார்ப்பார்.

முதல் வருஷம் எழுதிக் கொடுத்த பையன் பத்தாவது தேறிவிட்டான், அதனால் எழுதுவதற்குப் புது ஆள் வேண்டும். சொந்தக்காரர்கள் கூடாது, பத்தாவது படித்திருக்கக் கூடாது, பாடம் தெரிந்திருக்கக் கூடாது. அதாவது மண்டையில் ஒன்றும் இல்லாமல் கை மட்டும் அழகாக இருக்க வேண்டும். ஊரில் என்னைத் தவிர வேறு யார்? நானே வலியப் போய்ச் சொன்னேன். அண்ணி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

பாடத்தை எனக்குச் சொல்லித் தரக் கூடாது என்பதால், சொல்லச் சொல்ல வரைவதற்கு வேறு படங்களை வைத்துப் பழகினோம். கடிகாரக் கணக்கு. "பெரிய வட்டம் போடு. பன்னெண்டு மணிக்கு ஒரு மூடி. மூணு மணியில கைப்பிடி. ஒம்போது மணியில மூக்கு." வரைந்து முடித்தால் கெட்டில். ஒரு தடவை அவர் சொன்னதை நான் போட்டதும் நாய் மாதிரி வந்தது. என்ன வரையச் சொன்னீர்கள் என்று கேட்டேன். தையல் மெஷினாம். மூன்று பேரும் சிரித்தோம். பாகம் குறிக்கிற கோடு மட்டும் நடுவழியில் நிற்கக் கூடாது, அந்தப் பொருளைத் தொட்டே ஆக வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னார். "தொடலன்னா அது சைட்டோபிளாசத்தைக் காட்டுதுன்னு எடுத்துப்பாங்கம்மா, மார்க் போயிடும்." நான் சொன்னபடி செய்யப் பழகினேன். ஒரு மாதம் ஒழுங்காகத்தான் பழகினேன்.

இப்போது என் கூறுகெட்ட தலையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எனக்குப் பாடம் தெரியாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அது பொய் இல்லை. ஆனால் கடையில் ஒரு தாள் இருந்தது. பரீட்சை நெருங்கினால் பிள்ளைகள் வரிசையில் நின்று வாங்கும் தாள். இடது பக்கம் தாவர செல், வலது பக்கம் விலங்கு செல், இரண்டுக்கும் நடுவில் பொதுப் பாகங்களின் பெயர்கள். வருஷத்துக்கு ஐந்நூறு பிரதி எடுத்திருப்பேன். படித்ததில்லை. ஆனால் ஒரே தாளை ஐந்நூறு தடவை பார்த்தால், படிக்காவிட்டாலும் அது கண்ணுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

தேர்வு அன்று எங்களுக்குத் தனி அறை கொடுத்தார்கள். உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைத்திருந்த அறை. ஒரு மேற்பார்வையாளர், வயதானவர், எதிரில் நாற்காலி போட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேள்வியைப் படிக்கலாம், அண்ணன் சொல்வதை எழுதலாம், எழுதியதைப் படித்துக் காட்டலாம். வேறு ஒரு சொல் பேசக் கூடாது.

ஏழு மதிப்பெண் கேள்வி: தாவர செல், விலங்கு செல் படங்களை வரைந்து பாகங்களைக் குறித்து, இரண்டையும் ஒப்பிடுக. நான் படித்ததும் அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. மடியில் அட்டை இருப்பது மாதிரியே இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டார். விரல்கள் காற்றில் தடவ ஆரம்பித்தன.

"நீளவாக்குல ஒரு கட்டம். அதை ஒட்டி உள்ள இன்னொரு கோடு, இடைவெளி கொஞ்சமா இருக்கணும், ஆனா ஒண்ணாயிடக் கூடாது" என்று தொடங்கினார். வெளிக் கோட்டுக்கு ஓர் அம்பு, செல் சுவர். உள் கோட்டுக்கு ஓர் அம்பு, செல் சவ்வு. நடுவில் பெரிய நுண்குமிழ். இரண்டு மணிக்கு உட்கரு. ஒன்பது, பதினொன்று, ஐந்து மணிக்குப் பசுங்கணிகம். எல்லாம் போட்டேன்.

அப்புறம் அவர் சொன்னார், "ஏழு மணிக்கு மொச்சை மாதிரி ரெண்டு, உள்ள மடிப்பு மடிப்பா கோடு. மைட்டோகாண்ட்ரியா."

என் கை நின்றது.

கண்ணுக்குள் இருந்த தாளில் அந்தப் பெயரிலிருந்து வலது பக்கம் மட்டும்தான் கோடு போகும். விலங்கு செல்லுக்கு. இடது பக்கம் ஒன்றும் கிடையாது. ஐயோ, அண்ணன் அட்டையை மாற்றிச் சொல்கிறாரே, பக்கத்து அட்டையில் இருப்பதை இங்கே சொல்கிறாரே என்று எனக்குப் பதறியது. கேட்கலாம் என்றால் எதிரில் அந்தக் கிழவர். பேசினால் முறைகேடு என்று தாளைப் பிடுங்கிவிடுவார். கண் தெரியாத மனுஷன், இரண்டு வருஷப் பாடு, ஒரு தடுமாற்றத்தில் மார்க் போகலாமா? இப்படி எனக்கு நானே வக்காலத்து வாங்கிக்கொண்டேன். ஏழு மணியில் மொச்சை போடவில்லை. இன்னும் இரண்டு பசுங்கணிகம் போட்டேன்.

விலங்கு செல்லை அவர் சொன்ன மாதிரியே வரைந்தேன். அதில் மைட்டோகாண்ட்ரியா சொன்னபோது, "பார்த்தியா, இதுதான் சரியான இடம்" என்று மனசுக்குள் என்னை நானே மெச்சிக்கொண்டேன். கேடுகெட்ட மனசு.

ஒப்பிடும் பகுதியில் சுவர், பசுங்கணிகம், நுண்குமிழின் அளவு, சென்ட்ரியோல் என்று நான்கு வரி சொன்னார். கடைசியாக, "மைட்டோகாண்ட்ரியா ரெண்டுலயும் உண்டு" என்றார். ஆரம்பித்ததை முடிக்க வேண்டுமே. தாவரம் இல்லை, விலங்கு உண்டு என்று எழுதினேன். அழகான கையெழுத்தில் எழுதினேன்.

பத்து நிமிஷம் இருக்கிறது என்று மேற்பார்வையாளர் சொன்னார். படித்துக் காட்ட நேரம் போதாது. அண்ணன் கேட்டார், "சொன்ன மாதிரியே போட்டியாம்மா?"

"போட்டேண்ணே" என்றேன்.

வெளியே வந்ததும் அண்ணன் சின்னப் பிள்ளை மாதிரி நடந்தார். அந்த ஏழும் முழுசாக வரும், கேள்வி தேடி வந்து மடியில் உட்கார்ந்தது என்று வழியெல்லாம் சொன்னார். டெலிபோன் போர்டு இருக்கும் அறையில் மின்விசிறி உண்டு என்றார். நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன். ஒரு மனுஷனைக் கைதூக்கி விட்டோம் என்று அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன்.

முடிவு வந்தது. முப்பத்தைந்து வேண்டும். முப்பத்துமூன்று வந்திருந்தது.

அண்ணி அழுதாள். அண்ணன் அழவில்லை. கூட்டலில் பிழை இருக்கும் என்றார். விடைத்தாளின் பிரதி கேட்டு விண்ணப்பம் போட்டார். கூட்டல் பிழைதான், கட்டாயம் திருத்துவார்கள் என்று நானும் தைரியம் சொன்னேன். தவணை முடிய அப்போது மூன்று வாரம் இருந்தது.

ஒரு முற்பகல், அண்ணி வேலைக்குப் போயிருந்த நேரம், தபால்காரர் உறையைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அண்ணி வருகிற வரை அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. கோலைத் தட்டிக்கொண்டு ரோட்டைத் தாண்டி என் கடைக்கு வந்துவிட்டார்.

"நீதானே எழுதுன, எது எங்க இருக்குன்னு உனக்குத்தான் தெரியும். எங்க கூட்டல் தப்பியிருக்கு பாரு" என்று உறையை நீட்டினார்.

ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்தேன். ஒவ்வொரு பக்கமாகக் கூட்டிக்கொண்டே வந்தேன். கூட்டல் சரியாகத்தான் இருந்தது. செல் படத்துப் பக்கம் வந்தது. ஏழுக்கு ஐந்து. தாவர செல்லின் ஏழு மணியில் ஒரு வட்டம், "மைட்டோகாண்ட்ரியா எங்கே?" ஒப்பிட்ட வரியின் மேல் ஓர் அடித்தல் கோடு, "இரண்டிலும் உண்டு." ஒன்றுக்கு ஒரு மதிப்பெண், இன்னொன்றுக்கு ஒரு மதிப்பெண்.

இருங்கள் அண்ணே என்று சொல்லிவிட்டு, பிரதி எடுக்க யாரோ விட்டுப்போயிருந்த பாடப்புத்தகத்தைப் புரட்டினேன். அதே படம். நடுவில் அதே பெயர்கள். மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து இரண்டு கோடு போகிறது. ஒன்று வலது பக்கம். இன்னொன்று மெல்லிசாக, நீளமாக, இடது கீழ் மூலைக்கு.

என் மெஷின் இடது கீழ் மூலையில் மங்கலாக அடிக்கும். எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மங்கின பிரதியையே மூலமாக வைத்து அடுத்த வருஷம் பிரதி எடுப்பேன். அதையே வைத்து அதற்கடுத்த வருஷம். அந்த மூலையில் இருந்த இரண்டு மொச்சையும் கோடும் எந்த வருஷம் மறைந்ததோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். இல்லாமல் போனதை இல்லவே இல்லை என்று நம்பி அவர் தலையில் மண்ணள்ளிப் போட்டிருக்கிறேன்.

"என்னம்மா, சத்தமே காணோம்?" என்றார்.

அப்போதும் புத்தி வரவில்லை. படம் சுத்தமாக இல்லை என்று இரண்டு மார்க் குறைத்திருக்கிறார்கள் அண்ணே என்று சொன்னேன். பொய் சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

அவர் என் பக்கமாகக் கையை நீட்டி, மேசை விளிம்பைத் தடவிப் பிடித்துக்கொண்டு, "உன்ன அவசரப்படுத்துனது நான்தாம்மா. மனசுல வெச்சுக்காத" என்றார்.

அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். ஏழு மணி, பசுங்கணிகம், ஒப்பிட்ட வரி, தாள், மெஷின், மூலை, எதையும் விடவில்லை. அழுதுகொண்டே சொன்னேன். நடுவில் யாரோ பிரதி எடுக்க வந்தார்கள். கடை மூடியாச்சு என்று கத்தி அனுப்பினேன்.

அண்ணன் திட்டவில்லை. அவருடைய விரல்கள் முழங்கால் மேல் எதையோ தடவின. இடது பக்கம் ஓர் இடத்தில் நின்றன.

"செடியும் மூச்சு விடும்மா. அதுக்கும் தெம்பு வேணும். அதனால ரெண்டுலயும் இருக்கும். உங்கிட்டயே எத்தனை தடவ சொல்லியிருக்கேன், இந்தக் கடையில நின்னுக்கிட்டு."

சொல்லியிருப்பார். "ஆமாண்ணே, ஆமாண்ணே" என்று நான் பிரதி எடுத்துக்கொண்டிருந்திருப்பேன்.

"கண்ணு தெரியாம தடுமாறிட்டீங்கன்னு நெனச்சேண்ணே."

"அதில்லம்மா" என்றார். குரல் ஏறவே இல்லை. "ஒரு டாக்டர் உக்காந்து சொல்லியிருந்தா, கண்ணு தெரியலன்னாலும் அப்படியே எழுதியிருப்ப. கண்ணாடி கழுவுறவனுக்கு என்ன தெரியும்னு நெனச்ச."

நான் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஊருக்கெல்லாம் பதில் சொல்லும் வாய். "ஆமாண்ணே" என்றுதான் வந்தது. அவர் உறையை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, கோலைத் தட்டிக்கொண்டு தனியாகவே ரோட்டைத் தாண்டினார். நான் கை பிடிக்கப் போனேன். வேண்டாம் என்று தலையாட்டினார்.

மருத்துவமனைக்கு நான் போய்ச் சொன்னேன். தேர்வு அலுவலகத்துக்கும் எழுதினேன். சொன்னது ஒன்று, நான் எழுதியது வேறு, தப்பு என்னுடையது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். விடைத்தாளில் உள்ளதற்குத்தான் மதிப்பெண் என்று ஒரு வரிப் பதில் வந்தது. எழுதியவர் இனி யாருக்கும் எழுதக் கூடாது என்று இன்னொரு வரி. நியாயம்தான். மருத்துவமனை தவணையை ஒரு நாள்கூட நீட்டவில்லை. நாற்காலியில் இப்போது யாரோ ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள்.

அண்ணன் வீட்டில் இருக்கிறார். அண்ணி தைத்துக் கொண்டுவரும் சட்டைகளுக்குப் பொத்தான் வைத்துக் கொடுக்கிறார் என்று கேள்வி. வைத்ததும் ஒவ்வொன்றையும் தூக்கி வெளிச்சத்தில் பிடிப்பாராம். பழக்கம் போகவில்லை.

விடுவிப்புக் கடிதம் வந்த வாரம் அண்ணி கடைக்கு வந்தாள். ஈட்டுத்தொகைக்கு விண்ணப்பிக்க அதில் மூன்று பிரதி வேண்டுமாம். அந்தத் தெருவில் வேறு ஜெராக்ஸ் கடை இல்லை, இருந்திருந்தால் வந்திருக்க மாட்டாள். அதுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கடிதத்தை மேசையில் வைத்தாள்.

"ஒண்ணும் விட்டுப் போகாம எடு" என்றாள்.

எடுத்தேன். இடது கீழ் மூலையில்தான், கடிதத்தைப் பெற்றுக்கொண்டதற்கு அண்ணன் போட்ட கையெழுத்து இருந்தது, பழக்கத்தில் போட்ட கோணல் கையெழுத்து. மூன்றிலும் அது மங்கலாக விழுந்தது. கடிதத்தைக் கண்ணாடியின் மேல் தலைகீழாகத் திருப்பி வைத்து மறுபடி எடுத்தேன். எழுத்து இல்லாத வலது மேல் மூலை மங்கல் பக்கம் போனது, கையெழுத்து சரியாக வந்தது. அண்ணி ஒவ்வொரு தாளையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டு போனாள்.